ஓவல் வர வேண்டிய இடத்தில் இரண்டு பிறை: சோர்ஸ்–சிங்க் ஜோடியும் டப்ளெட்டும்

புதுக்கோடு

சீரான ஓட்டத்துக்குள் ஒரு சோர்ஸும் ஒரு சிங்க்கும் வைத்து ஓட்டக்கோடுகளை வரைகிறேன். சோர்ஸ் (−a, 0), சிங்க் (+a, 0), ஓட்டம் இடமிருந்து வலம். எண்கள்: ஓட்டத்தின் வேகம் U = 1, a = 1, சோர்ஸ், சிங்க் ஒவ்வொன்றின் வலிமை m = π. இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை tan சூத்திரம் வைத்துச் சுருக்கி, ஒரே arctan ஆக எழுதிவிட்டேன்:

```python
psi = U*Y - m/(2*np.pi)*np.arctan(2*a*Y/(X**2 + Y**2 - a**2))
plt.contour(X, Y, psi, levels=[0])
```

ஓட்டச் சார்பு ψ பூஜ்யமாகும் கோடு மூடிய ஓவலாக வர வேண்டும். எனக்கோ இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என இரண்டு பிறைகள் வருகின்றன. வெளி ஓரம் x = ±1.41 என்ற இடத்தில் சரியாக அச்சைத் தொடுகிறது. பிறைகளின் கொம்புகள் x ≈ ±0.62, y ≈ ±0.79 என்ற இடத்தில் முடிகின்றன. நடுவில் ஓவலுக்குக் கூரையே இல்லை.

குழப்பம் என்னவென்றால், a = 0.1 என்று சுருக்கி m-ஐ 10π ஆக்கினால் வெளியே அழகான வட்டம் வருகிறது, ஆரம் 1. ஆக, சூத்திரம் சரிதானே? அந்த வட்டத்துக்குள்ளே ஆரம் 0.1 அளவில் இன்னொரு சின்ன வட்டமும் தெரிகிறது. அது, சோர்ஸும் சிங்க்கும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் எல்லையான டப்ளெட் உருவானதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

சுழிப்பிரியன்

ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, சோர்ஸ், சிங்க் இருக்கிற புள்ளியில வேகம் முடிவிலி. கட்டம் பெருசா இருந்தா அங்க contour உடையத்தான் செய்யும், கட்டத்தை நெருக்குங்க. ரெண்டு, குறி தப்புன்னு தோணுது. சோர்ஸ் இடப்பக்கம், சிங்க் வலப்பக்கம்னா நடுவுல ஓட்டம் வலப்பக்கம் போகுது, சீரான ஓட்டமும் வலப்பக்கம்தான். ரெண்டும் ஒரே திசையில போனா எப்படி ஒரு பொருள் உருவாகும்? எதிர்க்கணும். மைனஸை ப்ளஸ் ஆக்கிப் பாருங்க.

புதுக்கோடு

கட்டத்தை ஒரு பக்கத்துக்கு 400 புள்ளியிலிருந்து 1600 வரை ஏற்றிவிட்டேன். கொம்புகள் அதே இடத்தில்தான் நிற்கின்றன, இன்னும் கூர்மையாகத் தெரிவது மட்டும்தான் வித்தியாசம். ப்ளஸ் போட்டால் ஓவலின் தடயமே இல்லை.

பலகைக்கணக்கு

கட்டத்தை நெருக்கியும் நகராத பிழை கட்டத்தின் பிழை இல்லை. சூத்திரத்தில்தான் தேட வேண்டும். நல்லவேளையாகக் கொம்பின் இடத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவே காட்டிக்கொடுக்கிறது: 0.62² + 0.79² ஏறக்குறைய 1. அதாவது கொம்பு r = a என்ற வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வகுத்தலில் கீழே இருக்கும் x² + y² − a² பூஜ்யமாவதும் அதே வட்டத்தில்தான்.

அந்த வட்டத்தை வெளியிலிருந்து உள்ளே கடக்கும்போது (y > 0 பக்கம்) பின்னம் +∞-யிலிருந்து −∞-க்குத் தாவுகிறது. arctan-க்குத் தெரிந்த விடைகள் −π/2 முதல் +π/2 வரை மட்டுமே. ஆகவே +π/2-லிருந்து −π/2-க்கு விழுந்துவிடுகிறது. உண்மையில் கோணம் π/2-ஐத் தாண்டி π நோக்கித் தொடர்ந்து போயிருக்க வேண்டும். ψ-யில் இது m/2 அளவு பொய்த்தாவல்.

உங்கள் எண்களில் பாருங்கள். வட்டத்துக்குச் சற்று வெளியே ψ = y − 0.785. சற்று உள்ளே, பொய்யாக, ψ = y + 0.785. y < 0.785 உள்ள இடமெல்லாம் வெளியே எதிர்மம், உள்ளே நேர்மம். contour இரண்டு பக்கமும் குறி மாறுவதைப் பார்த்ததும் நடுவே பூஜ்யம் இருப்பதாக நம்பி, வட்டத்தின் மேலேயே ஒரு கோடு போட்டுவிடும். அதுதான் பிறையின் உள் ஓரம். அசல் ஓவல் இந்த வட்டத்தை வெட்டுவது y = π/4 = 0.785, x = 0.619 என்ற இடத்தில். அதற்கு மேலே கூரை முழுவதும் வட்டத்துக்குள் விழுவதால் அங்கே ψ தவறு, கூரை காணாமல் போகிறது.

மருந்து ஒரே ஒரு மாற்றம்:

```python
psi = U*Y - m/(2*np.pi)*np.arctan2(2*a*Y, X**2 + Y**2 - a**2)
```

பின்னத்தை நீங்களே வகுத்துக் கொடுத்தால் மேல், கீழ் இரண்டின் குறியும் கலந்து தொலைந்துபோகும். arctan2-க்குத் தனித்தனியாகக் கொடுத்தால் எந்தக் காற்பகுதி என்று அதற்குத் தெரியும்.

இனி உங்கள் a = 0.1 வட்டம். அங்கேயும் பிழை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பொருளுக்குள்ளே ஒளிந்துகொண்டது. நீங்கள் டப்ளெட் என்று நினைத்த சின்ன வட்டம் அந்தப் பொய்த்தாவல்தான். m × a-யை இதே அளவில் வைத்துக்கொண்டு a-வை மாற்றினால், a 0.886-க்குக் குறைவாக இருக்கும்வரை r = a வட்டம் ஓவலின் உயரத்துக்குள் அடங்கிவிடும், வெளிப்படம் சரியாகவே தெரியும். தாண்டினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஒரு எண்ணுக்கு நல்ல படம் வந்தது என்பதால் சூத்திரம் சரி என்று முடிவுகட்டக் கூடாத இடம் இது.

மூன்றாம்பரிமாணம்

இதில் ஒரு வேடிக்கை சேர்க்கலாம். U இல்லாமல் ஜோடியை மட்டும் வரைந்தால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. ஜோடியின் ஓட்டக்கோடுகள் எல்லாமே சோர்ஸ், சிங்க் இரண்டின் வழியாகவும் போகும் வட்டங்கள். பள்ளியில் படித்த "ஒரே வில் தாங்கும் கோணங்கள் சமம்" என்பதே இதற்கு நிரூபணம்: ψ மாறாமல் இருக்க θ₁ − θ₂ மாறக்கூடாது, அந்தக் கோணம் மாறாத புள்ளிகள் ஒரு வட்ட வில்லில் இருக்கும். r = a அந்த வட்டக் குடும்பத்திலேயே ஒன்று, இரண்டு புள்ளிகளையும் விட்டமாகக் கொண்டது. பொய்க்கோடு ஓர் அசல் ஓட்டக்கோட்டின் மேலேயே படிந்துவிடுவதால் படம் கச்சிதமாகத் தெரியும். U-வைச் சேர்த்த பிறகு r = a ஓட்டக்கோடு இல்லை. அப்போதுதான் பொய்க்கோடு மற்றக் கோடுகளைக் குறுக்கே வெட்டுகிறது.

அதனால் சோதிக்க எளிய வழி: இரண்டு ஓட்டக்கோடுகள் வேகம் பூஜ்யமாகும் தேக்கப் புள்ளியிலோ சோர்ஸ், சிங்க் புள்ளியிலோ தவிர வேறெங்காவது சந்தித்தால் படத்தை நம்பாதீர்கள்.

புதுக்கோடு

arctan2 போட்டதும் ஓவல் வந்துவிட்டது, கூரை y = 0.86-இல். மிக்க நன்றி. ஆனால் levels-ஐ அதிகமாக்கினால் சோர்ஸுக்கும் சிங்க்குக்கும் நடுவே, y = 0 மேல், எல்லாக் கோடுகளும் ஒரே தடித்த கோடாகக் குவிகின்றன. இதுவும் பொய்த்தாவலா?

பலகைக்கணக்கு

தாவல் மெய், கோடு பொய். சோர்ஸைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தால் அதிலிருந்து வெளியேறும் மொத்த ஓட்டம் m. ψ-யின் வித்தியாசம் என்பதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே கடக்கும் ஓட்டம். ஆகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்போது ψ-யில் m அளவு இடைவெளி விழுந்தே தீரும். அதை எங்கே வைப்பது என்பது மட்டும் நம் விருப்பம். மேலே உள்ள arctan2 வடிவம் அதைச் சோர்ஸ்–சிங்க் இடையிலான துண்டில் வைக்கிறது, ψ அங்கே −m/2-லிருந்து +m/2-க்குத் தாவும். பொருளுக்குள்ளே இருப்பதால் வெளி ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. `arctan2(Y, X-a) - arctan2(Y, X+a)` என்று இரண்டாக எழுதினாலும் இதே விடைதான்: x < −a பக்கத்தில் இரண்டின் தாவலும் ஒன்றையொன்று அடித்துவிடும், நடுத்துண்டில் மட்டும் மிஞ்சும்.

படத்தில் குவியல் வேண்டாம் என்றால் அந்தத் துண்டை ஒட்டிய ஒரு வரிசைக் கட்டங்களை NaN ஆக்கிவிடுங்கள்.

சுழிப்பிரியன்

இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? வேகத்தைக் கணக்குப் பண்ணி streamplot போட்டா முடிஞ்சது. u, v-ல தாவலே கிடையாது.

பலகைக்கணக்கு

தாவல் இல்லை என்பது சரி. ஆனால் streamplot கோடுகளை இடத்தை நிரப்பும்படி போடுகிறது. இரண்டு கோடுகளுக்கு இடையே எவ்வளவு ஓட்டம் என்பதற்கும் அந்த இடைவெளிக்கும் தொடர்பு இல்லை. ψ-யைச் சம இடைவெளி levels-இல் வரைந்தால்தான் கோடு நெருங்கினால் வேகம் அதிகம் என்று படிக்க முடியும். பொருளைப் பிரிக்கும் ψ = 0 கோட்டையும் streamplot தானாகத் தராது, தேக்கப் புள்ளியை நீங்கள் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்.

குறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓட்டம் வலப்பக்கம் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் பொருளின் மூக்கு நடுவில் இல்லை, அச்சில் சோர்ஸுக்கு வெளியே இடப்பக்கம் இருக்கிறது. அங்கே சோர்ஸ் அருகில், சிங்க் தொலைவில். சோர்ஸின் தள்ளல் வென்று ஓட்டத்தை இடப்பக்கம் தள்ளுகிறது, வருகிற U-வை எதிர்க்கிறது. வால் பக்கம் சிங்க் அருகில் இருப்பதால் அங்கேயும் இழுப்பு இடப்பக்கம்தான். எதிர்ப்பு வெளியே நடக்கிறது. டப்ளெட்டிலும் இதே கதை: அச்சில் u = −μ/(2πx²), குறுக்கே y அச்சில் u = +μ/(2πy²). குறியைத் திருப்பினால் தேக்கப் புள்ளிகள் மேலும் கீழுமாக y அச்சுக்குப் போய்விடும், மூடிய பொருள் கிடைக்காது. டப்ளெட்டின் அம்பைச் சில நூல்கள் சிங்க்கிலிருந்து சோர்ஸுக்கும் சில எதிர்த்திசையிலும் போடுகின்றன. அம்பை நம்ப வேண்டாம், தேக்கப் புள்ளி x அச்சில் விழுகிறதா என்று பாருங்கள்.

சுழிப்பிரியன்

நடுவுல மட்டும் பார்த்துட்டேன், ஒத்துக்கறேன். streamplot விஷயத்துல மட்டும் இல்ல. படத்தைக் கண்ணால பார்க்க அது போதும்.

கிணற்றடி

நாங்களும் டப்ளெட் என்றுதான் சொல்கிறோம்: ஒரு கிணற்றில் நீரை உள்ளே செலுத்துவது, இன்னொன்றில் இறைப்பது. நிலத்தடி நீரோட்டம்தான் U. மேலே சொன்ன இரண்டு பிறைகளும் செலுத்திய நீர் சுற்றித் திரும்பும் பகுதிகளா? எங்கள் எண்கள்: நாளுக்கு 500 கன மீட்டர், நீர்த்தாங்கியின் தடிமன் 20 மீ, கிணறுகளுக்கு இடையே 200 மீ, இயற்கை ஓட்டத்தின் டார்சி வேகம் நாளுக்கு 0.05 மீ.

மூன்றாம்பரிமாணம்

பிறைகள் கணக்குப் பிழை மட்டுமே, நீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு இதே சூத்திரம் விடை சொல்லும். நீங்கள் டப்ளெட் என்பது தூரம் குறையாத அசல் ஜோடி. இந்த இழையில் டப்ளெட் என்பது தூரம் பூஜ்யமாகும் எல்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

m = 500/20, நாளுக்கு 25 ச.மீ. m/(πU) = 159 மீ, a = 100 மீ.

செலுத்தும் கிணறு ஓட்டத்துக்கு மேல்பக்கம் இருந்தால் அது அப்படியே ஓவல் கதை. செலுத்திய நீர் மொத்தமும் ஓவலுக்குள் அடைபட்டு இறைக்கும் கிணற்றுக்குத் திரும்பும். ஓவலின் அரைநீளம் √(a² + 159a) = 161 மீ.

திருப்பி வைத்தால், அதாவது இறைக்கும் கிணறு மேல்பக்கம் இருந்தால், நடுப்புள்ளியில் கிணறுகள் உண்டாக்கும் எதிர் ஓட்டம் m/(πa). அது U-வைவிடக் குறைவாக இருந்தால் எதுவும் திரும்பாது. உங்களுக்கு m/(πa) = 0.08, U = 0.05. ஆக ஒரு பகுதி திரும்பும். திரும்பாமலிருக்க இடைவெளி 318 மீட்டருக்கு மேல் வேண்டும், அல்லது 200 மீட்டரிலேயே நிற்பதானால் நாளுக்கு 314 கன மீட்டருக்குக் கீழே இறைக்க வேண்டும். கோடுகளின் வடிவத்துக்கு நுண்துளை விகிதம் தேவையில்லை, எத்தனை நாளில் திரும்பும் என்பதற்குத்தான் அது வேண்டும்.

கிணற்றடி

சரி. களிமண் அடுக்குகள் இருப்பதால் U எல்லா ஆழத்திலும் ஒன்றல்ல. சராசரியை வைத்து 318 என்று நம்பலாமா?

மூன்றாம்பரிமாணம்

நம்ப மாட்டேன். நீர் அதிகம் கடத்தும் அடுக்கில் m, U இரண்டும் சேர்ந்தே ஏறும், அதனால் விகிதம் ஓரளவு நிலைக்கும் என்று வாதிடலாம். ஆனால் அடுக்குகள் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் அந்த வாதம் நிற்காது. அது வேறு இழை.

புதுக்கோடு

இரண்டாவதாக இன்னொரு கேள்வி. a-வைச் சுருக்கும்போது ஓவல் எப்போது வட்டம் ஆகிறது? a = 0.1 போதுமா, 0.001 வேண்டுமா?

பலகைக்கணக்கு

முதலில் எதை மாறாமல் வைக்கிறீர்கள் என்பது. m-ஐ மாற்றாமல் a-வை மட்டும் சுருக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஒன்றுமே மிஞ்சாது. 2am = μ மாறாமல் இருக்க வேண்டும். அப்போது a சுருங்கச் சுருங்க கோணம் 2ay/r² என்றாகி, ψ = −(μ/2π) y/r². வட்டக் குடும்பத்திலும் இதைப் பார்க்கலாம்: இரண்டு புள்ளிகள் வழியே போன வட்டங்கள், புள்ளிகள் ஒன்றானதும், மையத்தில் x அச்சைத் தொட்டு நிற்கும் வட்டங்களாகின்றன.

உங்கள் எண்களில் μ = 2π, ஆகவே எல்லை வட்டத்தின் ஆரம் √(μ/2πU) = 1. அரைநீளம் L = √(1 + a²). அரை உயரம் h = (1/a) arctan(a/h), இதைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தீர்க்க வேண்டும். கூரையில் வேகம் 1 + 1/(a² + h²).

a = 1: L = 1.414, h = 0.860, கூரை வேகம் 1.57
a = 0.5: L = 1.118, h = 0.960, வேகம் 1.85
a = 0.25: L = 1.031, h = 0.990, வேகம் 1.96
a = 0.1: L = 1.005, h = 0.998, வேகம் 1.993

நீளமும் உயரமும் வேறுபடும் அளவு ஏறத்தாழ (2/3)a². a = 0.1-க்கு 0.7 சதவீதம், படத்தில் கண்ணுக்குத் தெரியாது. கூரை வேகம் 2U-வை நெருங்குவதை நான் கூடுதலாகப் பார்ப்பேன். வட்டம் போலத் தெரிந்தும் வேகம் 2-க்குப் போகாவிட்டால் m எங்கோ தவறு.

சுழிப்பிரியன்

அப்போ a = 1e-12 போட்டுட்டா டப்ளெட்டே ஆயிடும்ல?

மூன்றாம்பரிமாணம்

எழுதும் விதத்தைப் பொறுத்தது. இரண்டு கோணங்களைத் தனித்தனியாகக் கண்டு கழித்தால், வித்தியாசம் 10⁻¹² அளவு, ஒவ்வொரு கோணத்திலும் உருட்டல் பிழை 10⁻¹⁶ அளவு. மிஞ்சுவது நாலு இலக்கம்தான். a = 1e-17 போட்டால் x + a, x − a இரண்டுமே x ஆகிவிடும், உடலே மறைந்து சீரான ஓட்டம் மட்டும் வரும். அந்த வடிவத்தில் 1e-5-க்குக் கீழே போவதில் லாபமில்லை: அங்கேயே எல்லையிலிருந்து விலகல் 10⁻¹⁰ அளவுக்கு வந்துவிடும், அதற்குக் கீழே உருட்டல் பிழைதான் ஏறும். 2aY-யை நேரடியாக எழுதும் ஒற்றை arctan2 வடிவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு டப்ளெட் சூத்திரத்தையே எழுதிவிடலாம் என்பது வேறு.

புதுக்கோடு

கடைசியாக ஒன்று. நீளமும் உயரமும் கொடுத்து a, m கண்டுபிடிக்க வேண்டும்: L = 2, h = 1, U = 1. m-ஐ நீக்கிவிட்டு a·h = (L² − a²) arctan(a/h) என்று கொண்டுவந்தேன். 0-க்கும் 2-க்கும் நடுவே தேடினால் விடை a = 0 என்று வருகிறது.

பலகைக்கணக்கு

சமன்பாடு சரி. a = 0 அதற்கு எப்போதும் ஒரு வெற்று விடை, அதை நுழையவிடாதீர்கள். தேடலை 0.01-லிருந்து தொடங்குங்கள். a = 1.562 வரும், m = π(L² − a²)/a = 3.14. கூரையில் ψ-யைப் போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வர வேண்டும்.

புதுக்கோடு

வந்தது, 1.562. இதே L, h உள்ள நீள்வட்டத்தை மேலே வைத்து வரைந்தேன். ஓவல் அதைவிடச் சற்றுத் தடித்த தோளோடு இருக்கிறது. நீள்வட்டமே வேண்டுமானால் சோர்ஸ்களைத் துண்டு முழுக்கப் பரப்ப வேண்டுமா?

மூன்றாம்பரிமாணம்

ஆமாம், இரு முனைகளிலும் மட்டும் வைத்தால் அந்தத் தோள் போகாது. முன்பாதியில் சோர்ஸ், பின்பாதியில் சிங்க், நடுவில் பூஜ்யம் என்று பரப்ப வேண்டும். எப்படிப் பரப்பினாலும் மொத்தக் கூட்டல் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வால் மூடாது.